அல்பாக்கா, மொஹேர், அங்கோரா, ஆட்டுக் கம்பளி: சூடு, சுணை, முடி உதிர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவில் குளிர்காலம் தொடங்கியதும் பின்னல் ஊசிகளை வெளியே எடுக்கும் தோழிகள் சிலர் இருக்கிறோம். நூல் வாங்கப் போகும்போது ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்வது வருஷா வருஷம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். ஊரிலிருந்து வருகிறவர்களும் கடையில் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்து இதையேதான் கேட்கிறார்கள். அதனால் கேள்விகளைக் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். ஏற்கெனவே சொன்ன விஷயம் மறுபடி வரும் இடத்தில் எந்தப் பதிலைப் பார்க்க வேண்டும் என்று குறித்திருக்கிறேன்.

1. "அல்பாக்கா, மொஹேர், அங்கோரா எல்லாமே கம்பளிதானே? பேர்தான் வேறயா?"

நான்கும் நான்கு வேறு விலங்குகள். கம்பளி என்று நாம் பொதுவாகச் சொல்வது செம்மறி ஆட்டின் முடி. ஸ்வெட்டர்களில் அதிகம் வரும் மெரினோ, செம்மறியில் மெல்லிய முடி தரும் ஒரு இனம். அல்பாக்கா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் வளரும், ஒட்டகக் குடும்பத்து விலங்கு. உலகத்து அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெருவில்தான் இருக்கின்றன.

குழப்பம் வருவது மற்ற இரண்டில். அங்கோரா ஆடு என்ற வெள்ளாட்டின் முடிக்குப் பெயர் மொஹேர். அங்கோரா முயலின் முடிக்குத்தான் அங்கோரா என்று பெயர். துருக்கியின் அங்காரா நகரத்தின் பழைய பெயரான அங்கோரா இரண்டு விலங்குகளுக்கும் ஒட்டிக்கொண்டதால் வந்த வினை இது. இன்று மொஹேர் அதிகம் வருவது தென்னாப்பிரிக்காவிலிருந்து, அங்கோரா அதிகம் வருவது சீனாவிலிருந்து. லேபிளில் அங்கோரா என்று மட்டும் இருந்தால் அது முயல் முடி.

2. "இதுல எது ரொம்ப சூடு?"

ஒரே எடைக்கு ஒப்பிட்டால் அங்கோரா முன்னால் நிற்கும். அடுத்து, பஞ்சுபோல் சீவி எழுப்பிய மொஹேரும் அல்பாக்காவும். கடைசியில் இறுக்கமாக முறுக்கிய ஆட்டுக் கம்பளி. ஆனால் இந்த வரிசையை அப்படியே நம்பி நூல் வாங்க வேண்டாம், ஏனென்றால் உடம்புச் சூட்டைப் பிடித்து வைப்பது முடி அல்ல, முடிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. நான்கு முடியும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதம்தான். எந்த நூல் அதிகக் காற்றைச் சிறைபிடிக்கிறதோ அது சூடு.

முயல் முடியின் நடுவில் காற்று நிறைந்த சிறு அறைகள் வரிசையாக இருக்கும். முடி ஆட்டுக் கம்பளியைவிட எடை குறைவு, அதோடு மிக மெல்லியது. அதே 50 கிராமுக்கு நிறைய இழைகள் கிடைக்கும், அவை உப்பி நிற்கும். மொஹேரின் நடுவில் அப்படி அறைகள் பெரும்பாலும் இல்லை. அது சூடாக இருப்பது அந்தப் புகைபோன்ற மேல்முடிப் படலத்தால். பட்டு இழையைச் சுற்றிய மொஹேர் நூல் 25 கிராமிலேயே சுமார் 210 மீட்டர் வரும். அதைப் பெரிய ஊசியில் தளர்த்திப் பின்னினால் துணி எடையே தெரியாது, அதற்குள் காற்று நிறைந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. காற்றடிக்கும் பேருந்து நிறுத்தத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். தளர்வான மொஹேர் சால்வைக்குள் காற்று நேராகப் புகுந்து, நின்றிருந்த சூடான காற்றை அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே நெருக்கமாகப் பின்னிய சாதாரண ஆட்டுக் கம்பளி ஜெயிக்கும். மொஹேரையும் அங்கோராவையும் கோட்டுக்கு உள்ளே போடுங்கள்.

3. "லேபிள்ல 'ஆட்டுக் கம்பளியை விட ஏழு மடங்கு சூடு'ன்னு போட்டிருக்கே, நிஜமா?"

இல்லை. எந்தத் துணியை எந்தத் துணியோடு, எவ்வளவு தடிமனில் ஒப்பிட்டார்கள் என்று சொல்லாத "மடங்கு" கணக்குக்கு அர்த்தமே கிடையாது. மேலே சொன்னபடி சூடு என்பது நூற்கும் முறையையும் பின்னலையும் பொறுத்தது. ஒரே தடிமனில் இரண்டு துணிகள் இருந்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது.

அல்பாக்காவைப் பற்றி இன்னொரு பேச்சு உண்டு: முடி குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கும், அதனால்தான் சூடு என்பார்கள். பாதி உண்மை. நடுவில் வெற்றிடம் உள்ள முடிகள் அல்பாக்காவில் உண்டு, ஆனால் தடித்த முடிகளில்தான் அது அதிகம். மிக மெல்லிய, விலை உயர்ந்த அல்பாக்காவில் குறைவு. ஆக, "குழாய் முடி" என்று புகழப்படும் முடிதான் கழுத்தில் குத்தும் முடியும்.

4. "எனக்கு கம்பளி அலர்ஜி. அல்பாக்கால லனோலின் இல்லையாம், அது போடலாமா?"

முதலில் உங்களுக்கு வருவது அலர்ஜிதானா என்று பாருங்கள். ஸ்வெட்டரைப் போட்ட ஓரிரு நிமிடத்தில் முள்முள்ளாகக் குத்தி, கழற்றியதும் சீக்கிரமே அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் அலர்ஜி இல்லை. வைக்கோல் போரில் ஏறி விளையாடிவிட்டு வந்தால் உடம்பெல்லாம் சுணைக்குமே, அந்த ரகம். முடியின் நுனி தோலைக் குத்துகிறது, அவ்வளவுதான்.

லனோலின் என்ற ஆட்டு முடி மெழுகுக்கு நிஜமாகவே ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடையில் விற்கும் நூலை நன்றாக அலசியிருப்பார்கள், மிச்சம் இருக்கும் மெழுகு மிகக் குறைவு. அல்பாக்காவில் அந்த மெழுகு இல்லை என்பது சரிதான். ஆனால் உங்களுக்குத் தொல்லை சுணையினால் வந்தது என்றால், மெழுகு இல்லாத தடித்த அல்பாக்காவும் அதே மாதிரி குத்தும். தடிப்பு எழும்பி மறுநாளும் இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், அதை நூல் மாற்றித் தீர்க்க முடியாது.

5. "ஒரு கம்பளி பூ மாதிரி இருக்கு, இன்னொன்னு முள்ளு மாதிரி குத்துது. ஏன்?"

எந்த விலங்கு என்பதைவிட முடி எவ்வளவு தடிமன் என்பதே இதற்குக் காரணம். முடியின் தடிமனை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முடி நுனி தோலில் படும்போது இரண்டில் ஒன்று நடக்கும். மெல்லிய முடி வளைந்து கொடுத்துவிடும், தோலுக்கு ஒன்றும் தெரியாது. தடித்த முடி வளையாமல் ஊசிபோல் நின்று அழுத்தும், தோலுக்குள் இருக்கும் வலி நரம்பு விழித்துக்கொள்ளும். ஏறக்குறைய 30 மைக்ரான்தான் எல்லைக்கோடு.

20-க்கும் 30-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் முடியின் விறைப்பு அதன் தடிமனோடு நான்கு முறை பெருகி ஏறும். 30 மைக்ரான் முடி 20 மைக்ரான் முடியைவிட ஒன்றரை மடங்குதான் தடிமன். ஒன்றரையை நான்கு முறை பெருக்கினால் ஐந்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது அதே நீள நுனியை வளைக்க ஐந்து மடங்கு விசை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் கழுத்துக்குத் தெரிவது இதனால்தான்.

பொதுவான அளவுகள்: அங்கோரா 12 முதல் 16, நல்ல மெரினோ 17 முதல் 22, அல்பாக்கா 18-இலிருந்து 30-க்கு மேலும் போகும். மொஹேர் குட்டி ஆட்டில் 25-ஐ ஒட்டி, வளர்ந்த ஆட்டில் 35-ஐத் தாண்டும். கம்பளம், முரட்டுப் போர்வைக்குப் போகும் செம்மறி முடியும் 30-க்கு மேல்தான்.

6. "பேபி அல்பாக்கான்னா குட்டியோட முடியா?"

அவசியமில்லை. அது வயதின் பெயர் அல்ல, தரத்தின் பெயர். பெருவில், குறிப்பாக அரெக்கிப்பா நகரத்தில், பிரிப்பதில் கை தேர்ந்த பெண்கள் உட்கார்ந்து வெட்டி எடுத்த முடியைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். சராசரி சுமார் 22 மைக்ரானோ அதற்குக் கொஞ்சம் மேலோ வருவது "பேபி" என்ற குவியலுக்குப் போகும். அது பெரிய விலங்கின் முதுகிலிருந்தும் வரலாம். அதற்கு அடுத்த தரம் 26 மைக்ரானை ஒட்டி வரும். 31-க்கு மேல் போவது விரிப்புக்கும் தடித்த துணிக்கும்தான்.

அதனால் வெறுமனே "100 சதவீதம் அல்பாக்கா" என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மொஹேரில் மட்டும் "கிட்" என்ற சொல் வயதைக் குறிக்கும். ஆட்டின் முதல் கத்தரிப்புகளில் வருவது அது. ஆடு வளர வளர முடி தடிக்கும்.

7. "ரெண்டு நூலும் 22 மைக்ரான்னு போட்டிருக்கு, ஒன்னு குத்துது ஒன்னு குத்தல. ஏமாத்துறாங்களா?"

ஏமாற்றாமலேயே இப்படி நடக்கும். 22 என்பது சராசரி. சராசரி முடி உங்களைக் குத்துவதில்லை, கூட்டத்தில் தடித்த சில முடிகள்தான் குத்துகின்றன. 100 முடி நுனிகளில் சுமார் 5-க்கு மேல் 30 மைக்ரானைத் தாண்டினால் பலருக்குச் சுணை தெரிய ஆரம்பிக்கும்.

கணக்காகப் பார்ப்போம். முதல் நூலில் முடிகள் சராசரியைச் சுற்றி நெருங்கி நிற்கின்றன, திட்ட விலக்கம் 4 மைக்ரான். அதில் 30-ஐத் தாண்டுவது 100-க்கு 2. இரண்டாவது நூலில் முடிகள் பரந்து கிடக்கின்றன, திட்ட விலக்கம் 6. அதில் 100-க்கு 9. சராசரி ஒன்று, கழுத்தில் கதை வேறு. மெரினோ பல தலைமுறை தேர்ந்து வளர்த்த இனம் என்பதால் முடிகள் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும். அல்பாக்காவில் மெல்லிய உள்முடியோடு தடித்த மேல்முடி கலந்து வளரும். பிரிக்கும்போது அதை எவ்வளவு கவனமாக எடுத்தார்களோ அவ்வளவு மென்மை. நூலை வெளிச்சத்தில் பிடித்து, விறைப்பாக, நேராக, மற்றவற்றைவிடத் தடித்து நீட்டும் முடிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் கழுத்துக்கு வேண்டாம்.

8. "மொஹேர் சால்வை குத்துதுன்னும் சொல்ல முடியல, சும்மாவும் விடல. என்ன அது?"

அது குறுகுறுப்பு, சுணை வேறு. குட்டி மொஹேரின் நீட்டிய முடிகள் நீளமானவை. நீளம் கூடினால் அதே தடிமன் முடி சுலபமாக வளையும், அதனால் அது ஊசிபோல் குத்துவதில்லை. பதிலாகத் தோலின் மேல் ஊர்ந்து வருடுகிறது, எறும்பு நடக்கிற மாதிரி. மூக்கு, கன்னம், காதோரம் இதை அதிகம் உணரும்.

அங்கோராவிலும் இது வரும். 13 மைக்ரான் முடி குத்தாது, ஆனால் மூக்கில் ஏறித் தும்மல் வரவழைக்கும். குத்துகிறது என்றால் தடிமனைக் குறையுங்கள். குறுகுறுக்கிறது என்றால் மேல்முடிப் படலமே இல்லாத, வழவழப்பாக நூற்ற நூலுக்கு மாறுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு "இன்னும் உயர்ந்த" மொஹேர் வாங்கியவர்கள் பணத்தைத்தான் இழந்தார்கள்.

9. "அங்கோரா ஸ்வெட்டர் போட்டேன், கறுப்புக் கோட்டு முழுக்க முடி. தரம் குறைஞ்சதா?"

தரம் நன்றாக இருந்தாலும் அங்கோரா உதிரும். முடி நூலுக்குள் நிற்பது இரண்டு காரணங்களால்: நீளமும் பிடிப்பும். செம்மறி முடியின் மேல் ஓட்டில் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கும், அதோடு முடி நெளிநெளியாக இருக்கும். ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். முயல் முடியில் செதில் முடியோடு ஒட்டிப் படிந்து வழுக்கும், நெளிவும் இல்லை, நீளமும் பல சமயம் 5, 6 சென்டிமீட்டர்தான். அதற்கு மேல், உப்பி நிற்க வேண்டும் என்று முறுக்கைக் குறைத்து நூற்கிறார்கள். எந்தக் காரணத்தால் அது சூடாக இருக்கிறதோ அதே காரணத்தால் உதிர்கிறது.

மொஹேரும் வழுக்கும் முடிதான், ஆனால் நீளம் 10 சென்டிமீட்டருக்கு மேல். நல்ல நூலில் அது நடு இழையோடு கட்டுண்டு இருக்கும். முதலில் கொஞ்சம் உதிர்ந்து அப்புறம் நின்றுவிடும். அல்பாக்கா நடுவில். இறுக்கமாக முறுக்கிய அல்பாக்கா அவ்வளவாக உதிராது, சீவி எழுப்பியது மாதக்கணக்கில் உதிரும். கடையிலேயே சோதிக்கலாம்: கறுப்புத் துணித் துண்டு ஒன்றை நூல் கண்டின் மேல் 20 முறை தேய்த்துப் பாருங்கள். சில முடிகள் ஒட்டினால் சாதாரணம். துணியே நரைத்துவிட்டால் அந்த நூல் கடைசிவரை உதிரும்.

10. "ஃப்ரீசர்ல வெச்சா உதிராதாமே?"

நான் செய்து பார்த்திருக்கிறேன். பையில் கட்டி ஒரு ராத்திரி வைத்து எடுத்தால் முடி அடங்கினாற்போல் இருக்கும், வெளியே போய்வருவதற்குள் பழையபடிதான். குளிர் முடியை நூலுக்குள் கட்டிவைக்காது. உதிரவேண்டிய முடியை வேண்டுமென்றே முன்கூட்டி உதிர்ப்பது நல்ல வழி: வெளியே எடுத்துப்போய் நன்றாக உதறுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கசக்காமல் அலசுங்கள், விரித்துக் காயவைத்து மறுபடி உதறுங்கள். அலசும்போது தேய்த்தால் அங்கோரா திரண்டு கட்டிதட்டிவிடும்.

11. "என் மெரினோ உதிரவே இல்ல, ஆனா கக்கத்துல உருண்டை உருண்டையா வருதே?"

அதுவும் கழன்ற முடிதான், போக முடியாமல் மாட்டிக்கொண்டது. 9-இல் சொன்ன கவ்வும் குணத்தால் கழன்ற முனைகள் உராயும் இடத்தில் ஒன்றோடொன்று சுற்றி உருண்டையாகும். மென்மையான, ஒற்றைப் புரி மெரினோவில் இது அதிகம். இரண்டு மூன்று புரி சேர்த்து முறுக்கிய நூலில் குறையும். சிறு கத்தரியால் வெட்டிவிடுங்கள், இழுத்துப் பிய்க்காதீர்கள். பிய்த்தால் அடுத்த உருண்டைக்கு முடி தயாராகும்.

12. "அம்மா ஜனவரியில வர்றாங்க, அவங்களுக்கு எதுவுமே ஒத்துக்காது. கழுத்துக்கு எதுல பின்னட்டும்?"

என் அம்மா மதுரையிலிருந்து வந்தபோது நான் செய்ததைச் சொல்கிறேன். ஐந்து நூலில் 12 சென்டிமீட்டர் சதுரமாகச் சோதனைத் துண்டுகள் பின்னி, அலசிக் காயவைத்தேன். அலசாத துண்டை நம்ப முடியாது, அலசிய பிறகுதான் முடி மேலே எழும்பும். ஒவ்வொன்றையும் ரவிக்கைக் கழுத்துக்குள் செருகி அரை மணி நேரம் வேலை பார்க்கச் சொன்னேன். கையில் தொட்டுப் பார்ப்பது உதவாது, உள்ளங்கைத் தோல் தடிப்பானது.

28 மைக்ரான் செம்மறிக் கம்பளியை இரண்டே நிமிடத்தில் உருவி எறிந்தார். பட்டு கலந்த குட்டி மொஹேர் "எறும்பு ஊருது." முயல் முடி 30 சதவீதம் கலந்த மெரினோ சுகமாக இருந்தது, ஆனால் தேநீரில் முடி மிதந்தது. பேபி அல்பாக்கா முதலில் ஒன்றும் செய்யவில்லை, அடுப்படியில் வேர்த்ததும் லேசாகச் சுணைத்தது. வேர்வையில் ஊறிய தோல் இளகுவதால் அதே நுனி இன்னும் ஆழமாக அழுத்தும். குளிர்ந்த கடைக்குள் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் தவறுவது இங்கேதான். 19 மைக்ரான் மெரினோவை மட்டும் கழற்றவே மறந்துவிட்டார்.

அப்புறம் இரட்டைக் குழாயாக ஒரு கழுத்துச் சுற்று பின்னினேன். தோலில் படும் உள்பக்கம் மெரினோ 70 கிராம், வெளிப்பக்கம் பேபி அல்பாக்கா 70 கிராம், 4 மில்லிமீட்டர் ஊசி, சுற்றளவு 58, உயரம் 25 சென்டிமீட்டர். இரண்டு அடுக்குக்கு நடுவில் காற்று நிற்கும். அல்பாக்கா முதல் சில வாரம் அவருடைய நீலக் கோட்டில் உதிர்ந்தது, அப்புறம் நின்றது. இரண்டு குளிர்காலமாகப் போட்டிருக்கிறார்.

13. "அல்பாக்கா ஸ்வெட்டர் பின்னினேன், மாசம் போகப்போக முழங்காலைத் தொடுது. என்ன தப்பு செஞ்சேன்?"

அல்பாக்காவில் நெளிவு குறைவு. செம்மறி முடி சுருள்கம்பி மாதிரி இழுத்தால் திரும்பி வரும், அல்பாக்கா இழுத்த இடத்தில் நின்றுவிடும். அதன் சொந்த எடையே அதை நீட்டும், ஹாங்கரில் தொங்கவிட்டால் இன்னும் சீக்கிரம் நீளும். துணி தளரும்போது பின்னல் கண்கள் விரிந்து சூடும் குறையும். மடித்து வையுங்கள். அடுத்தமுறை ஒரு அளவு சிறிய ஊசியில் பின்னுங்கள், இல்லையென்றால் பாதிக்குப் பாதி மெரினோ கலந்த நூலை எடுங்கள்.

14. "பிறக்கப்போற பேத்திக்கு அங்கோரால தொப்பி பின்னலாமா?"

வேண்டாம். குத்தாது என்பது உண்மை, ஆனால் உதிரும் முடி குழந்தையின் வாய்க்கும் மூக்குக்கும் போகும். மொஹேருக்கும் இதே பதில். மெல்லிய, நன்றாக முறுக்கிய மெரினோ போதும்.

15. "நம்ம ஊர் ஆட்டு முடியில இப்படி நூல் கிடைக்காதா?"

தமிழ்நாட்டுச் செம்மறிகளில் பெரும்பாலானவை இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. உடம்பில் இருப்பது கம்பளி அல்ல, குட்டையான முடி. நீலகிரி இனம் விதிவிலக்கு, அதன் முடி உடைக்கு ஆகும் அளவு மெல்லியது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. அங்கோரா முயலுக்கு இமாச்சலத்தின் குல்லு பக்கம் போக வேண்டும்.

16. "முயலை உயிரோட முடி பிடுங்குறாங்கன்னு வீடியோ பார்த்தேன். அங்கோரா வாங்கலாமா?"

2013-இல் சீனப் பண்ணைகளில் எடுத்த படம் வெளியானதும் பல பெரிய துணிக்கடைகள் அங்கோராவை நிறுத்தின. சில இன முயல்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாக முடி கழிக்கும், அப்போது சீப்பால் வாரி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கத்தரித்து எடுப்பவர்களும் உண்டு. யார் வளர்த்தது, எப்படி எடுத்தது என்று சொல்ல முடியாத அங்கோராவை நான் வாங்குவதில்லை.

17. "மெரினோவோட ஒரே ஒரு இழை மொஹேர்தான் சேர்த்துப் பின்னினேன். மெரினோதானே அதிகம், அப்புறம் ஏன் கழுத்து அரிக்குது?"

எடையில் மெரினோ அதிகம், மேற்பரப்பில் மொஹேர் அதிகம். சீவிய மொஹேர் முடிகள் மெரினோவைத் தாண்டி வெளியே நிற்கின்றன, தோல் முதலில் சந்திப்பது அவற்றைத்தான். 7-இல் சொன்ன "100 நுனிகள்" கணக்கும் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைப் பற்றியதுதான், நூலுக்குள் புதைந்திருப்பவை கணக்கில் வராது. லேபிளில் 10 சதவீதம் என்று போட்ட கலப்பு நூல் சிலரைக் குத்துவதும் இதனால்தான்.

முழு ஸ்வெட்டரையும் பிரிக்க வேண்டாம். மொஹேர் கண்ணோடு கண் சிக்கிக்கொள்வதால் பிரிப்பதும் கஷ்டம். கழுத்துப் பட்டையை மட்டும் வெட்டி எடுத்து, கண்களை ஊசியில் ஏற்றி, மெரினோவில் மட்டும் திரும்பப் பின்னுங்கள். புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் கழுத்துப் பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் முடிந்த அடுத்த வரிசையிலிருந்து மொஹேர் இழையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.